சூரிய கிரகணத்தைவிட சந்திர கிரகணம் அடிக்கடி தெரிவது ஏன்?

கேள்வி: சூரிய கிரகணம், சந்திர கிரகணம் இரண்டும் எப்படி ஏற்படுகின்றன? எங்கள் ஊரில் சந்திர கிரகணம் மட்டும் அடிக்கடி தெரிகிறதே, ஏன்?

பதில்: யாருடைய நிழல் யார் மேல் விழுகிறது என்பதுதான் வித்தியாசம். அமாவாசையன்று நிலா குறுக்கே வந்து, அதன் நிழல் பூமியில் விழுந்தால் சூரிய கிரகணம். பௌர்ணமியன்று பூமியின் நிழலுக்குள் நிலா புகுந்தால் சந்திர கிரகணம். நிலாவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதால் பெரும்பாலான மாதங்களில் நிழல் மேலேயோ கீழேயோ விலகிப் போய்விடும்.

உலகம் முழுவதற்கும் கணக்கெடுத்தால் சூரிய கிரகணங்கள் குறைவே அல்ல. ஆனால் நிலா சிறியது. அதன் கரு நிழல் பூமியைத் தொடும்போது பொதுவாக 270 கிலோமீட்டர் அகலத்தைக்கூடத் தாண்டாது. அந்தப் பட்டைக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே சூரியன் முழுதாக மறையும். வெளியே சில ஆயிரம் கிலோமீட்டர் வரை பகுதி கிரகணம், அதற்கப்பால் ஒன்றுமே இல்லை. 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூரிலும் திண்டுக்கல்லிலும் நெருப்பு வளையம் தெரிந்தது. அதே காலையில் சென்னையில் பகுதி கிரகணம்தான். (அன்று நிலா சற்றுத் தொலைவில் இருந்ததால் சூரியனை முழுதாக மூட முடியவில்லை; அதனால்தான் வளையம்.)

சந்திர கிரகணத்தில் நிலைமை வேறு. நிலா இருக்கும் தொலைவில் பூமியின் கரு நிழல் ஏறக்குறைய 9,000 கிலோமீட்டர் அகலம், நிலாவின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். இருள்வது நிலாவே என்பதால், அப்போது நிலா வானில் இருக்கும் பாதி உலகமும் அதை ஒரே நேரத்தில் பார்க்கலாம். 2025 செப்டம்பர் 7 இரவு நிலா சிவந்ததை, மேகம் மறைக்காத எல்லா ஊர்களிலும் இந்தியர்கள் பார்த்தார்கள். முழு சூரிய கிரகணமோ, ஒரே ஊருக்குத் திரும்பிவரச் சராசரியாக 375 ஆண்டுகள் ஆகும்.