இலவச நிமிடம் எங்கே முடிகிறது? வாடகை சைக்கிள் சந்தா பற்றிக் கேள்வி-பதில்

கேள்வி: லண்டனில் படிக்கிறேன். ஸ்ட்ராட்ஃபோர்டில் அறை, ஹோல்போர்ன் பக்கம் பகுதி நேர வேலை. வாரம் மூன்று நாள் போய்வர வேண்டும், சைக்கிளில் ஒரு வழிக்கு 40 நிமிடம் ஆகிறது. ஒரு நிலையத்தில் எடுத்து இன்னொரு நிலையத்தில் விடும் சான்டாண்டர் வாடகை சைக்கிளில் மாதம் 20 பவுண்டு கட்டினால் ஒவ்வொரு பயணத்திலும் முதல் ஒரு மணி நேரம் இலவசம் என்கிறார்கள். ஆனால் அதே சந்தா வைத்திருக்கும் என் அறைத்தோழனுக்கு ஒரே பயணத்துக்கு 9.90 பவுண்டு பிடித்திருக்கிறது. அவனும் 40 நிமிடம்தான் ஓட்டினேன் என்று சத்தியம் செய்கிறான். நான் சேரலாமா?

பதில்: தாராளமாகச் சேரலாம். கணக்கைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் வந்த கட்டண முறைப்படி, சந்தா இல்லாமல் எடுத்தால் 30 நிமிடத்துக்கு 1.65 பவுண்டு. 31-ஆவது நிமிடம் வந்தவுடன் இன்னொரு 1.65. ஆக உங்கள் 40 நிமிடப் பயணம் ஒவ்வொன்றுக்கும் 3.30 ஆகும். ஏழாவது பயணத்திலேயே 23.10 பவுண்டைத் தொட்டுவிடுவீர்கள். மூன்று நாள் வேலை என்றால் இரண்டாவது வாரத்தின் முதல் நாளே சந்தாப் பணம் திரும்பிவிட்டது. அரை மணி நேரத்துக்குள் முடியும் பயணங்களாக இருந்தால் மாதம் 13 தடவையாவது ஓட்டினால்தான் கட்டுப்படியாகும். நீண்ட தூரக்காரருக்குத்தான் இந்தச் சந்தா உண்மையான லாபம்.

இனி உங்கள் நண்பரின் 9.90. சந்தாதாரருக்கு முதல் 60 நிமிடம் இலவசம், அதற்குப் பிறகு ஒவ்வொரு 30 நிமிடத்துக்கும் 1.65. அந்த 30 நிமிடத்தில் ஒரு நிமிடம் தொட்டாலும் முழுப் பணம்தான். 61 நிமிடத்துக்கும் 1.65, 90 நிமிடத்துக்கும் 1.65. சரி, 9.90-ஐ 1.65-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் ஆறு வருகிறது. அதாவது இலவச ஒரு மணி நேரம் போக ஆறு அரை மணிகள். கணினியின் பார்வையில் அந்தப் பயணம் மூன்றரை மணி நேரத்தைத் தாண்டி, நான்கு மணி நேரத்துக்குள் முடிந்திருக்கிறது. 40 நிமிடத்தில் அவர் இறங்கிவிட்டார் என்பதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவர் இறங்கினார், சைக்கிள் பூட்டிக்கொள்ளவில்லை. அவ்வளவுதான்.

கடிகாரம் நிற்பது நீங்கள் இறங்கும்போது அல்ல, முன் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் டாக் பூட்டு விழும்போது. சைக்கிளைத் தள்ளிச் செருகியதும் சில விநாடியில் பச்சை விளக்கு எரிய வேண்டும். அது எரியாவிட்டால், பார்வைக்கு எவ்வளவு ஒழுங்காக நின்றாலும் உங்கள் பயணம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. காலையில் வேலைக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் மெதுவாகச் செருகிவிட்டு ஓடுபவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கும். அந்தச் சைக்கிள் கனமானது. வேகமாக ஒரு தள்ளு தள்ள வேண்டும். பச்சை எரிந்த பிறகு இருக்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் பாருங்கள். அசையாமல் நின்றால்தான் நடையைக் கட்டலாம்.

நண்பரிடம் அவருடைய கணக்கைத் திறந்து அந்தப் பயணத்தின் விவரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே முடிந்தது, எத்தனை மணிக்கு முடிந்தது என்று இருக்கும். அவர் விட்ட அதே நிலையத்திலேயே முடிந்திருந்தால், பூட்டாமல் நின்ற சைக்கிளைப் பின்னால் வந்த யாரோ ஒரு புண்ணியவான் தள்ளிப் பூட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். வேறு நிலையம் என்றால் யாரோ எடுத்து ஓட்டியிருக்கிறார்கள். ஒரு வகையில் அதுவும் அதிர்ஷ்டம்தான். சைக்கிள் 24 மணி நேரம் கழிந்தும் திரும்பவில்லை என்றால் 300 பவுண்டு வரை பிடிக்க விதியில் இடம் இருக்கிறது.

பணத்தைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் "நான் 40 நிமிடம்தான் ஓட்டினேன்" என்ற ஒரு வரியில் கேட்டால் நிற்காது. எந்த நிலையம், எந்த டாக் எண், எத்தனை மணிக்கு விட்டார், வேலையிடத்தில் எத்தனை மணிக்குப் பதிவானது என்பதைச் சொல்ல வேண்டும். அந்த டாக் பழுதாக இருந்ததா என்பதை அவர்களால் பார்க்க முடியும். பச்சை எரியாததைப் பார்த்தவுடனே, அங்கே நின்றபடியே உதவி எண்ணுக்குப் போன் செய்தவரின் வாதம்தான் வலுவானது. நீங்கள் ஒன்று செய்யுங்கள்: பச்சை எரியாவிட்டால் டாக் எண் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துவிட்டு, அடுத்த டாக்கில் செருகிப் பாருங்கள்.

காலையில் உங்களுக்கு இன்னொரு சிக்கலும் வரும். மத்திய லண்டனில் அலுவலக நேரத்தில் நிலையங்கள் நிரம்பிவிடும், விட இடமே இருக்காது. அப்போது அங்கேயுள்ள திரையில் இடமில்லை என்று பதிவு செய்தால் 15 நிமிடம் கூடுதலாகத் தருவார்கள், பக்கத்தில் எங்கே இடம் இருக்கிறது என்றும் காட்டும். 40 நிமிடம் ஓட்டும் உங்களுக்கு எப்படியும் 20 நிமிடம் கையில் இருக்கிறது, அதனால் பெரும்பாலும் இது தேவைப்படாது. சந்தா இல்லாமல் 28-ஆவது நிமிடத்தில் நிரம்பிய நிலையத்தில் வந்து நிற்பவருக்குத்தான் உயிர் போகும்.

ஞாயிற்றுக்கிழமை மேற்கு லண்டன் வரை நீண்ட சவாரி போக ஆசை என்றால், 60 நிமிடம் முடிவதற்குள் வழியில் ஒரு நிலையத்தில் பூட்டிவிட்டு, ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி எடுங்கள். புதிய 60 நிமிடம் தொடங்கும். சந்தாவில் பயணங்களுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை, இது யாரையும் ஏமாற்றுவதும் ஆகாது. 2010-இல் இந்தத் திட்டம் தொடங்கியபோது கூடுதல் நேரக் கட்டணம் ஏறுமுகமாக இருந்தது. அரை மணி இலவசம், ஒரு மணிக்கு 1 பவுண்டு, இரண்டு மணிக்கு 6, மூன்று மணிக்கு 15. ஒருவரே சைக்கிளை நாள் முழுக்க வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் நோக்கம். இப்போதைய கட்டணம் அந்த அளவுக்குக் கடிக்காது.

கேள்வி: டொரண்டோ பைக் ஷேரில் ஆண்டுச் சந்தா இரண்டு விதம். 30 நிமிடச் சந்தா 105 டாலர், 45 நிமிடச் சந்தா 120 டாலர். எனக்கு வழக்கமாக 35 நிமிடம் ஆகும். எதை எடுப்பது?

பதில்: லண்டன் மாதிரி அரை மணி அரை மணியாக இல்லாமல், அங்கே கூடுதல் நேரத்தை நிமிடக் கணக்கில் பிடிக்கிறார்கள். 2023-இல் அறிவித்த கட்டணப்படி சாதாரண சைக்கிளுக்கு நிமிடத்துக்கு 12 சென்ட். உங்களுக்கு ஐந்து நிமிடம் அதிகம், ஆக பயணத்துக்கு 60 சென்ட். இரண்டு சந்தாவுக்கும் வித்தியாசம், வரி நீங்கலாக, 15 டாலர். ஆண்டில் 25 முறைக்கு மேல் அந்த வழியில் போனால் 45 நிமிடச் சந்தாதான் மலிவு. அதற்குக் குறைவாகத்தான் போவீர்கள் என்றால் சிறியதையே எடுத்துவிட்டு, தாண்டும்போது சில்லறையைக் கொடுத்துவிடலாம்.

மின்சைக்கிளை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்கு இலவச நிமிடம் கிடையாது, ஆண்டுச் சந்தாதாரருக்கும் முதல் நிமிடத்திலிருந்தே நிமிடத்துக்கு 10 சென்ட் ஓடும். அதே 35 நிமிடம் அதில் போனால் 3.50 டாலர். ஆப்பில் சைக்கிளை விடுவிக்கும் முன் எது சாதாரணம், எது மின்சாரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.