பயிற்சியில் சரியாக வரும் தொகையிடல் தேர்வில் ஏன் வரவில்லை?

“பன்னிரண்டாம் வகுப்பு. தொகையிடலில் ஒவ்வொரு பயிற்சியும் சரியாக வருகிறது. மாதிரித் தேர்வில் எந்த முறை என்றே தெரியவில்லை. கணிதம், இயற்பியல், வேதியியல் என்று மாற்றி மாற்றிப் படித்தால் சரியாகுமா?”

பாடங்களை மாற்றுவதால் இக்குறை தீராது. இயற்பியல் கணக்கையும் தொகையிடலையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. கலக்க வேண்டியவை ஒன்றையொன்று ஒத்த கணக்குகளே. `∫ x·e^(x²) dx` என்பதற்குப் பிரதியிடல் போதும், ஏனெனில் x² இன் வகைக்கெழுவான 2x, மாறிலி 2 நீங்கலாக, வெளியே x ஆக நிற்கிறது. `∫ x·eˣ dx` என்பதற்கோ பகுதித் தொகையிடல் வேண்டும். பயிற்சியின் தலைப்பே முறையைச் சொல்லிவிடுவதால், இந்த வேறுபாட்டைக் காணும் வேலையை நீங்கள் செய்ததே இல்லை.

ரோரர், டெய்லர் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், திண்மங்களின் கன அளவை வகைவாரியாகப் பயின்ற கல்லூரி மாணவர்கள் பயிற்சியில் 89 விழுக்காடும் கலந்து பயின்றவர்கள் 60 விழுக்காடும் சரியாகச் செய்தனர். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் அவை முறையே 20, 63 ஆயின.

ஆகவே புதிய முறையில் முதலில் நான்கைந்து கணக்குகளைத் தொடர்ச்சியாகச் செய்துவிட்டு, பிறகு வெவ்வேறு முறைகளுக்கான பயிற்சிகளிலிருந்து கணக்குகளைத் தலைப்பின்றித் தாளில் எழுதிக் குலுக்கி எடுங்கள். தீர்க்கும் முன் முறையையும் அதற்கான காரணத்தையும் ஒரு வரியில் குறியுங்கள். தொடக்கத்தில் பிழைகள் கூடும் (எரிச்சலாகத்தான் இருக்கும்), ஆனால் அவை முறையைத் தேர்ந்தெடுப்பதில் நேர்கின்றனவா, கணக்கிடுவதிலா என்பதை அந்த வரி காட்டிவிடும். கணக்கிடுவதில்தான் பிழை என்றால், அந்த முறைக்கு மட்டும் தொடர் பயிற்சிக்குத் திரும்புங்கள்.