மூன்று லட்டும் ஏழு தேன்மிட்டாயும்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஐந்தரை வயது. பெரியது, சிறியது குறிகளைச் சொல்லிக்கொடுக்க அவனுக்கு எதிரே அமர்ந்து, ஒரு தட்டில் மூன்று லட்டும் இன்னொரு தட்டில் ஏழு தேன்மிட்டாயும் வைத்தேன். இந்தக் குறி ஒரு முதலையின் வாய், முதலை எப்போதும் அதிகம் உள்ள பக்கம்தான் வாயைத் திறக்கும் என்றும், சரியாகச் செய்தால் பெரிய குவியல் உனக்கே என்றும் சொன்னேன். அவன் லட்டுப் பக்கம் வாயைத் திறந்துவைத்தான். அதட்டித் திருத்தினேன். இப்போது தாளில் இரண்டு எண்களைக் கொடுத்தால் நடுவில் குறியைச் சரியாகப் போட்டுவிடுகிறான். ஆனால் போட்டதை வாசிக்கச் சொன்னால் திணறுகிறான். நான் சொல்வதைக் கேட்டு எழுதச் சொன்னால் தலைகீழாக எழுதுகிறான். வயது போதவில்லை என்று ஓராண்டு தள்ளிப்போடலாமா? இனிப்பை வைத்துக் கணக்கு சொல்லித்தருவது தவறா? டியூஷனில் சேர்த்துவிடலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

டியூஷன் வேண்டாம். இனிப்பு தவறில்லை, பாடம் முடிந்ததும் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள், போதும். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியவை வேறு இரண்டு இடங்கள். ஒன்று, நீங்கள் அதட்டிய இடம். மற்றது, அவன் தலைகீழாக எழுதுகிறான் என்று ஒரே வரியில் நீங்கள் கடந்துபோன இடம். இந்த இரண்டாவதைப் பற்றி நான் சில காலமாகவே யோசித்துவருகிறேன் என்பதால்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அதட்டல். உங்கள் மகன் சொன்னது சரி. மூன்று லட்டு ஏழு தேன்மிட்டாயைவிடப் பெரியதுதான். எடை போட்டுப் பார்த்தாலும், வயிறு நிறைவதை வைத்துப் பார்த்தாலும், அங்காடியில் விலை கேட்டாலும் அப்படித்தான் வரும். எதை ஒப்பிட வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை. எண்ணிக்கை என்பது உங்கள் மனத்தில் இருந்தது. அவன் கண்முன் இருந்தது லட்டு. போதாக்குறைக்கு, பெரிய குவியல் உனக்கே என்று பரிசும் அறிவித்துவிட்டீர்கள். எந்தக் குழந்தை லட்டை விட்டுத் தேன்மிட்டாயைத் தேர்ந்தெடுக்கும்? தனக்கு வேண்டியதன் பக்கம் அவன் குறியைத் திருப்பினான். சரியாக யோசித்த ஒரு குழந்தையை அதட்டினால், இந்தக் குறி எதைப் பார்த்துத் திரும்புகிறது என்று அவன் யோசிப்பதை நிறுத்திவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்துத் திருப்பத் தொடங்குவான். அந்தப் பரிசை இன்றே நிறுத்திவிடுங்கள். இரண்டு குவியலும் கடைசியில் அவனுக்குத்தான், அல்லது இரண்டையும் வீட்டில் எல்லோரும் பகிர்ந்து உண்ணப்போகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், எது அதிகம் என்ற கேள்வியில் ஆசை குறுக்கிடாது.

இனி இரண்டு பக்கமும் ஒரே பண்டம் இருக்கட்டும். சதுரமாக வெட்டிய கடலைமிட்டாய் இதற்கு மிகப் பொருத்தமானது, ஏனென்றால் எல்லாத் துண்டுகளும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும், உருளாது, வரிசையாக ஒட்டி அடுக்கலாம். குவியலாக மட்டும் வைக்காதீர்கள். இந்த வயதுக் குழந்தை பரப்பிவைத்ததை அதிகம் என்றும் நெருக்கிவைத்ததைக் குறைவு என்றும் நினைக்கக்கூடும். எண்ணிப் பார்த்த பிறகும் நீளமான வரிசையையே கைகாட்டும் குழந்தைகள் உண்டு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜான் பியாஜே இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அதட்டுவதால் இது மாறாது. ஒன்றுக்கு எதிரே ஒன்றாக அவனையே வைக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் துணையில்லாமல் மிச்சம் நிற்கிறதோ அந்தப் பக்கம் அதிகம். எண்ணத் தெரிவதற்கு முன்பே ஒரு குழந்தையால் இதைச் செய்துவிட முடியும்.

பிறகு குறியை அந்தக் கடலைமிட்டாய்களிலிருந்தே எழுப்பலாம். அவனுக்கு முன்னால், ஒரு சாண் இடைவெளி விட்டு, இடப்பக்கம் நான்கு துண்டுகளை மேலிருந்து கீழாக ஒரு வரிசையாகவும் வலப்பக்கம் நான்கை அதேபோலவும் வையுங்கள். இரண்டு ஈர்க்குச்சிகளை எடுத்து, ஒன்றை இரு வரிசைகளின் மேல்முனைகளைத் தொடும்படியும் மற்றொன்றைக் கீழ்முனைகளைத் தொடும்படியும் இடையில் கிடத்துங்கள். இரண்டு குச்சிகளும் ஒன்றையொன்று நெருங்காமலும் விலகாமலும் கிடக்கும். அதுதான் சமக்குறி. 1557இல் ராபர்ட் ரெக்கார்ட் என்ற வேல்ஸ் நாட்டுக் கணித அறிஞர் அந்தக் குறியைத் தம் நூலில் கொண்டுவந்தபோது சொன்ன காரணமும் இதுவே: ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்றார். இப்போது இடப்பக்கத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து வலப்பக்கம் சேர்த்து, இரண்டு வரிசைகளின் நடுப்புள்ளியும் நேராக இருக்கும்படி நகர்த்துங்கள். மூன்றும் ஐந்தும் ஆகிவிட்டன. (ஒன்றைத்தானே நகர்த்தினோம், வித்தியாசம் எப்படி இரண்டானது என்று அவன் கேட்டால், அன்றைய பாடத்தை அங்கேயே நிறுத்திவிட்டு அந்தக் கேள்வியோடு போங்கள், அது இதைவிட நல்ல பாடம்.) முனைகளைத் தொடும்படி குச்சிகளை மீண்டும் வைத்தால் மூன்றின் பக்கம் அவை நெருங்கும், ஐந்தின் பக்கம் விரியும். நெருங்கிய முனைகளை ஒன்றோடொன்று தொடவைத்தால் குறி கிடைத்துவிடுகிறது. அதன் கீழே தாளில் 3 < 5 என்று எழுதுங்கள். தாமஸ் ஹாரியட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1621இல் இறந்து பத்தாண்டுகள் கழித்து, 1631இல் வெளியான அவருடைய நூலில் அச்சேறிய குறிதான் இது. முதலை அதற்குப் பிறகு எந்த வகுப்பறையிலோ வந்து சேர்ந்தது.

முதலையை நான் முற்றாக ஒதுக்கவில்லை. திறந்த பக்கம் அதிகம் என்பதை அது நினைவில் வைக்க உதவுகிறது. ஆனால் அதற்கு மேல் அது எதையும் செய்வதில்லை. உங்கள் மகன் தாளில் குறியைச் சரியாகப் போட்டுவிட்டு வாசிக்கத் திணறுவதற்குக் காரணம் இதுதான்: அவன் போட்டது ஒரு படம். 3 < 5 என்பது ஒரு வாக்கியம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. வாக்கியம் என்றால் அதற்கு ஒரு தொடக்கம் உண்டு, அது யாரைப் பற்றிப் பேசுகிறது என்பது உண்டு.

நான் சொல்லவந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. நம் வீடுகளில் இயல்பாக எப்படிச் சொல்வோம்? "மூணை விட அஞ்சு பெருசு" என்போம். எதோடு ஒப்பிடுகிறோமோ அது முதலில் வரும், எதைப் பற்றிச் சொல்கிறோமோ அது அடுத்து வரும், பெரியது என்ற தீர்ப்பு கடைசியில் வரும். இந்த வாக்கியத்தைக் காதால் கேட்கும் குழந்தை, கேட்ட வரிசையிலேயே மூன்றை முதலில் எழுதுகிறது, ஐந்தை அடுத்து எழுதுகிறது, பெரியது என்று கேட்டதால் நடுவில் பெரியது என்ற குறியைப் போடுகிறது. 3 > 5. கேட்ட வாக்கியம் சரி, எழுதியது தவறு. இடையில் குழந்தை ஒரு பிழையும் செய்யவில்லை. ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் எழுவதில்லை, ஏனென்றால் அங்கே இடப்பக்க எண், ஒப்பீட்டுச் சொல், வலப்பக்க எண் என்று குறி நிற்கும் வரிசையிலேயே வாய்ச்சொல்லும் வருகிறது. அந்தக் குறி அந்த மொழியின் வரிசைக்குப் பொருந்தி நிற்கிறது. நம் பிள்ளைகள் அதே குறியை நம் வரிசையில் கேட்டு எழுத வேண்டியிருக்கிறது, அதை நாம் ஒருவரும் அவர்களிடம் சொல்வதில்லை.

நான் இரண்டாம் வகுப்பில் படித்தபோது எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பையனை இதற்காகவே அடித்தார்கள். "நான்கைவிட ஒன்பது பெரியது, எழுதுங்கள்" என்று ஆசிரியர் வாயால் சொன்னார். அவன் 4 > 9 என்று எழுதினான். சொன்னதைத்தானே எழுதினேன் என்று அவன் அழுதுகொண்டே கேட்டதற்கு இன்னொரு அடி விழுந்தது. அவன் சொன்னது அத்தனையும் உண்மை. ஒன்பது பெரிய எண் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் வீட்டில் பெட்டிக்கடை இருந்தது, சில்லறை எண்ணித் தரும் பையன் அவன். அந்த ஆண்டு முழுவதும் அவன் கணக்கு நோட்டைத் திறக்கவே பயந்தான். தலைகீழாக எழுதுகிறான் என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்தபோது எனக்கு வந்தது கோபம்தான், உங்கள் மீது அல்ல, ஆனால் உங்களிடம்தான் சொல்ல முடிகிறது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். சில வாரங்களுக்கு, எப்போதும் இடப்பக்க எண்ணிலிருந்தே வாக்கியத்தைத் தொடங்குங்கள். 3 < 5 என்பதன் மேல் அவன் விரல் மூன்று முறை படட்டும். மூன்றைத் தொட்டு "மூன்று", குறியைத் தாண்டி ஐந்தைத் தொட்டு "ஐந்தைவிட", பின்னால் திரும்பிவந்து குறியைத் தொட்டுச் "சிறியது". தமிழில் இந்தக் குறியை வாசிக்கக் கண் ஒருமுறை முன்னே போய்த் திரும்பிவர வேண்டியிருக்கிறது. விரல் அந்த வழியைப் பழகிவிட்டால் கண்ணும் பழகிவிடும். அது படிந்த பிறகு, நீங்கள் வீட்டுப் பேச்சு வரிசையில் "மூணை விட அஞ்சு பெருசு" என்று சொல்லி, யாரைப் பற்றிச் சொன்னேன் என்று கேளுங்கள். ஐந்தைப் பற்றி என்று சொன்னால், ஐந்தை முதலில் எழுதச் சொல்லுங்கள். அவன் 3 < 5 என்று எழுதினாலும் அது சரிதான் என்று சொல்லுங்கள், ஏனென்றால் அது சரிதான்.

இன்னொன்று: அவனுக்கு எதிரே உட்காராதீர்கள். அவன் பார்வையில் இடப்பக்கம் மூன்றும் வலப்பக்கம் ஐந்தும் இருந்து குறி ஐந்தின் பக்கம் விரிந்திருந்தால், எதிரே இருக்கும் உங்களுக்கு இடப்பக்கம் ஐந்தும் வலப்பக்கம் மூன்றும் தெரியும், குறி > என்று தெரியும். அவன் "மூன்று சிறியது" என்று வாசிக்கும்போது உங்கள் கண்முன் "ஐந்து பெரியது" என்று இருக்கும். நீங்கள் திருத்துவது அவனுக்குப் புரியாது. அவனுக்குப் பக்கத்தில், அதே திசை பார்த்து உட்காருங்கள். வாசிப்பு நன்றாகப் படிந்த பின் ஒருநாள், கடலைமிட்டாயையும் குச்சிகளையும் தொடாமல், அவனை எழுந்து எதிர்ப்பக்கம் போய் நின்று வாசிக்கச் சொல்லுங்கள். "ஐந்து மூன்றைவிடப் பெரியது" என்று அவனே சொல்லுவான். ஒன்றையும் மாற்றாமல் இரண்டு வாக்கியம் வந்ததை அவன் கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

ஓராண்டு தள்ளிப்போடுவதா என்ற கேள்விக்கு வயதைப் பார்க்க வேண்டாம். தட்டுகளை எடுத்து வைத்துவிட்டுத் தாளில் 6 < என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம் போட்டு, இதில் என்ன எழுதலாம் என்று கேளுங்கள். ஏழு என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், வேறு ஏதாவது எழுதலாமா என்று கேளுங்கள். எட்டு, இருபது, நூறு என்று சொல்லிக்கொண்டே போனால் குறி அவனுக்கு வசமாகிவிட்டது. ஆறையே எழுதினால் மீண்டும் நான்கும் நான்குமாக அடுக்கி இணைகுச்சிகளிலிருந்து தொடங்குங்கள். நான்கு என்று எழுதினால் அதட்டாமல், எழுதியதை விரல் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்தபின் தானே அழித்தால் தள்ளிப்போடத் தேவையில்லை. வாசித்த பிறகும் நான்கை அப்படியே விட்டால், குறியை இரண்டு மூன்று மாதம் மறந்துவிட்டு, ஒன்றுக்கு எதிரே ஒன்றாக அடுக்கும் விளையாட்டை மட்டும் தொடருங்கள்.