படுத்தவுடன் ஏன் இருமல் வருகிறது?

கேள்வி: எனக்கு 41 வயது, பள்ளி ஆசிரியை. சளி பிடித்து ஒன்பது நாள் ஆகிறது. காய்ச்சல் இரண்டு நாளில் போய்விட்டது. பகலில் மூக்கடைப்பு மட்டும்தான். ஆனால் ராத்திரி படுத்தவுடன் தொண்டைக்குள் ஏதோ இறங்குவது போல இருக்கிறது, இருமல் நிற்பதில்லை. எழுந்து உட்கார்ந்தால் குறைகிறது. காலையில் பச்சையாகச் சளி வருகிறது. வகுப்பில் நிமிடத்துக்கு ஒருமுறை செருமிக்கொண்டே இருக்கிறேன். லெவோசெட்ரிசின் நான்கு நாள் போட்டேன், பலன் இல்லை. சளி நெஞ்சுக்கு இறங்கிவிட்டதா?

பதில்: நீங்கள் சொல்லும் விதத்தைப் பார்த்தால் சளி நெஞ்சுக்கு இறங்கவில்லை. படுத்தால் கூடி, உட்கார்ந்தால் குறையும் இருமல், மூச்சு வாங்காமலும் புதிதாகக் காய்ச்சல் வராமலும் இருந்தால், பெரும்பாலும் மூக்கின் பின்வழியாகத் தொண்டையில் வழியும் சளியால் வருவது. அது இறங்குவது உணவுக்குழாய்க்கு, நுரையீரலுக்கு இல்லை.

இந்த வழிதல் சளி பிடித்ததால் புதிதாகத் தொடங்கியது அல்ல. நல்ல உடல்நிலையிலும் மூக்கும் அதைச் சுற்றியுள்ள எலும்பு அறைகளும் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் சளி சுரக்கின்றன. மூக்கின் உள்தோலில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் நொடிக்குப் பத்து தடவைக்கு மேல் அசைந்து, அந்தச் சளியை மெல்லிய போர்வைபோலப் பின்னால் நகர்த்துகின்றன. நாமும் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். நீர்த்திருப்பதால் உறுத்துவதில்லை.

ஜலதோஷ வைரஸ் அந்த நுண்மயிர்களைச் சேதப்படுத்துகிறது. சுரப்பு கூடும் நேரத்தில் அதை நகர்த்தும் வேலை மந்தமாகிறது. சளி கெட்டியாகி, உள்நாக்குக்குப் பின்னால் தொண்டைச் சுவரில் ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்குகிறது. பகலில் நிமிர்ந்து இருக்கிறோம், அடிக்கடி விழுங்குகிறோம், தண்ணீர் குடிக்கிறோம், பேசுகிறோம். அதனால் அது தேங்குவதில்லை.

இரவில் மூன்று காரியங்கள் ஒன்றுசேர்கின்றன. மல்லாந்து படுத்தால் சளி வழிந்துபோக வழியில்லாமல் தொண்டையின் பின்பக்கம் தேங்குகிறது. உறக்கம் பிடிக்கப் பிடிக்க விழுங்குவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. படுத்த நிலையில் மூக்கின் ரத்தக்குழாய்கள் புடைத்து அடைப்பும் கூடுவதால் வாயால் மூச்சு விடுகிறோம். தொண்டை காய்ந்து, இருக்கிற சளி இன்னும் கெட்டியாகிறது. அது குரல்வளையின் விளிம்பைத் தொட்ட மாத்திரத்தில் இருமல் வருகிறது. நுரையீரலுக்குள் எதுவும் போய்விடாமல் காவல் நிற்கும் இடம் அது, அங்கே நரம்பு மிகக் கூர்மையாக இருக்கும்.

இன்னொரு விஷயமும் உண்டு. வைரஸ் அந்த நரம்புகளையே சிலிர்த்த நிலையில் வைத்துவிடுகிறது. சாதாரண நாளில் கண்டுகொள்ளாத ஒரு துளிச் சளி, குளிர்ந்த காற்று, சாம்பிராணிப் புகை, எது பட்டாலும் இருமல் கிளம்பும். இருமலுக்கு வழியும் சளி மட்டுமே காரணமா, எரிச்சலடைந்த நரம்பும் காரணமா என்று பிரிக்க முடியாததால்தான் 2006-ல் அமெரிக்க நெஞ்சு மருத்துவர்கள் தங்கள் வழிகாட்டுதலில் இதற்கு ‘மேல் சுவாசப்பாதை இருமல்’ என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். உங்களுக்கு இதனால் என்ன பயன் என்றால், சளியைக் காறித் துப்பித் தீர்த்துவிடலாம் என்று நினைப்பது பலிக்காது. சளியை நீர்க்கச் செய்ய வேண்டும், தொண்டையைச் சீண்டாமலும் இருக்க வேண்டும்.

சீண்டுவதில் முதலிடம் செருமலுக்குத்தான். ஒவ்வொரு தடவை செருமும்போதும் இரண்டு குரல்நாண்களும் ஒன்றோடொன்று பலமாக மோதி உரசுகின்றன. அந்த இடம் வீங்குகிறது. வீங்கிய இடத்தில் ஏதோ ஒட்டியிருப்பது போலவே இருக்கும், தன்னைக் காத்துக்கொள்ள அது இன்னும் கொஞ்சம் சளியும் சுரக்கும். உடனே மறுபடி செருமத் தோன்றும். சளி போன பிறகும் வாரக்கணக்கில் செருமல் நிற்காமல் வருகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அதிலும் ஆசிரியர்களே அதிகம், நாள் முழுக்கக் குரலைப் பயன்படுத்துகிறவர்கள் அல்லவா.

எனவே வகுப்பில் மேசைமேல் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கட்டும். செருமத் தோன்றும்போது ஒரு வாய் குடித்து, மோவாயைச் சற்றுத் தாழ்த்தி அழுத்தி விழுங்குங்கள். தண்ணீர் கையில் இல்லையென்றால், கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போலச் சத்தமில்லாமல் ‘ஹா’ என்று காற்றை வெளியேற்றிவிட்டு விழுங்குங்கள். முதல் இரண்டு நாள் கஷ்டமாக இருக்கும். அப்புறம் அந்த உறுத்தலே குறைவது தெரியும்.

இனி இரவுக்கு வருவோம். இதில் மிகவும் பலன் தருவது உப்புநீரால் மூக்கைக் கழுவுவது. யோகாவில் ஜலநேத்தி என்று செய்வதும் இதுதான். மெடிக்கல் ஷாப்பில் இதற்கென்றே பிழியும் பாட்டிலும் உப்புப் பொட்டலமும் கிடைக்கின்றன. வீட்டில் தயாரிப்பதானால் அரை லிட்டர் தண்ணீரை நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டு, ஒரு நிமிடமாவது அப்படியே கொதித்த பிறகு இறக்குங்கள். அதில் தலைதட்டிய முக்கால் தேக்கரண்டி அயோடின் சேராத பொடி உப்பும் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடாவும் கலந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் என்றாலும் கொதிக்க வைத்தே தீர வேண்டும். குடித்தால் ஒன்றும் செய்யாத அமீபா ஒன்று மூக்கு வழியே போனால் மூளையைத் தாக்கும். கேரளத்தில் 2024-லும் 2025-லும் அப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றிய செய்திகளைப் படித்திருப்பீர்கள். அரிதுதான், ஆனால் கொதிக்க வைப்பதில் குறுக்குவழி வேண்டாம்.

வாஷ்பேசின்மேல் முன்னால் குனிந்து, தலையை லேசாகப் பக்கவாட்டில் சாய்த்து, வாயைத் திறந்து ‘ஆ’ என்றபடி மேல்பக்க மூக்குத் துவாரத்தில் மெதுவாகப் பிழியுங்கள். தண்ணீர் மறுபக்கம் வரும். பக்கத்துக்கு 100 மி.லி. போதும். சுரீர் என்று எரிந்தால் பெரும்பாலும் உப்பின் அளவு தப்பியிருக்கும். வெறும் தண்ணீர்தான் நிறைய எரியும். கழுவியதும் பலமாகச் சிந்தாதீர்கள், காது அடைக்கும். முன்னால் குனிந்து மிச்சத்தை வடியவிட்டு, ஒவ்வொரு பக்கமாக மென்மையாகச் சிந்துங்கள். முக்கியமாக, இதைப் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே செய்துவிட வேண்டும். செய்துவிட்டு உடனே படுத்தால் உள்ளே தங்கிய தண்ணீரே தொண்டையில் இறங்கி இருமலைக் கிளப்பும். ‘கழுவினேன், இன்னும் மோசமாகிவிட்டது’ என்று சொல்கிறவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் இப்படித்தான் செய்திருப்பார்கள்.

மூக்கு முழுக்க அடைத்திருந்தால் பலவந்தமாகப் பிழியக் கூடாது. ஆக்சிமெட்டாசோலின் அல்லது சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தை அட்டையில் உள்ள அளவுப்படி விட்டு, பத்து நிமிடம் கழித்துக் கழுவலாம். இந்தச் சொட்டு மருந்து மூன்று இரவு, மிஞ்சினால் ஐந்து இரவு. அதற்கு மேல் போனால் மருந்து இல்லாமல் மூக்கு திறக்காது என்ற நிலைக்கு வந்துவிடும். ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் கேட்டுவிட்டுப் பயன்படுத்துவது நல்லது.

படுக்கும்போது இரண்டு தலையணை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும். தோள் முதல் தலை வரை சாய்வாக உயர வேண்டும். மெத்தைக்கு அடியில் மடித்த போர்வைகளை வைத்து ஒரு சாண் உயர்த்தி, ஒருக்களித்துப் படுங்கள். மின்விசிறிக் காற்று முகத்தில் நேராக விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாயால் மூச்சு விடும் தொண்டையை அது இன்னும் காயவைக்கும்.

படுக்கும் முன் ஒரு தேக்கரண்டி தேன் சாப்பிடுங்கள், அல்லது சூடாக சுக்குமல்லி காபி குடியுங்கள். சூடான பானம் மூக்கடைப்பை அளவுகோலில் மாற்றுவதில்லை என்றாலும், இருமலும் தொண்டை எரிச்சலும் உடனே தணிவதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். வீட்டில் சளி பிடித்த குழந்தை இருந்தால், ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் தேன் தொட்டுக்கூட வைக்காதீர்கள். ஆவி பிடிப்பது பெரியவர்களுக்கு ஆறுதல் தரும், பிடிக்கலாம். ஆனால் கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோய் வரும் குழந்தைகளைப் பார்த்தவன் என்பதால், குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம் என்பேன். பால் சளியைக் கூட்டுவதில்லை. குடித்தபின் எச்சிலோடு கலந்து தொண்டையில் கொழகொழவென்று இருக்கும், அவ்வளவுதான்.

லெவோசெட்ரிசின் ஏன் பலிக்கவில்லை என்றால், அது அலர்ஜி மூக்குக்கான மருந்து. ஜலதோஷச் சளியை அது வற்றவைப்பதில்லை. தூக்கம் வரவைக்கும் பழைய வகையான குளோர்பெனிரமின் ஓரளவு வற்றவைக்கும். பெரியவர்கள் இரண்டு மூன்று இரவு எடுத்துப் பார்க்கலாம், கண் அழுத்தமோ புராஸ்டேட் தொல்லையோ இல்லாதவரை. வாயும் தொண்டையும் காய்ந்து சளி இன்னும் ஒட்டுவதாகத் தோன்றினால் நிறுத்திவிடுங்கள்.

பச்சைச் சளியைப் பார்த்து ஆன்டிபயாட்டிக் வாங்க வேண்டாம். அந்த நிறம் கிருமியோடு சண்டையிட்ட வெள்ளணுக்களில் உள்ள ஒரு பச்சை நொதியிலிருந்து வருவது. இரவெல்லாம் தேங்கியதால் காலையில் அடர்த்தியாகத் தெரிகிறது. குறைந்துவந்த சளி திடீரென்று மறுபடி கூடி, காய்ச்சலும் ஒருபக்கக் கன்னத்திலோ மேல்பல்லிலோ வலியும் சேர்ந்தால் அது வேறு. பத்து நாள் கடந்தும் துளியும் குறையவில்லை என்றாலும் சைனஸில் பாக்டீரியா தொற்றியிருக்கலாம், காட்ட வேண்டும்.

உங்களுக்கு ஒன்பதாம் நாள், அதனால் இந்த வாரத்தைக் கவனியுங்கள். ஜலதோஷ இருமல் சராசரியாக 18 நாள் வரை நீடிக்கும். நாளுக்கு நாள் கொஞ்சமாவது குறைகிறதா என்பதே அடையாளம். அதிகாலை இரண்டு மூன்று மணிக்கு இருமலோடு இழுப்பு வந்து எழுப்பினால் ஆஸ்துமாவா என்று பார்க்க வேண்டும். ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதுவே வறட்டு இருமலைத் தரும், மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். மூச்சு வாங்கினாலோ சளியில் ரத்தம் தெரிந்தாலோ நாள் கணக்குப் பார்க்காமல் உடனே போங்கள். இரண்டு வாரம் தாண்டியும் இருமல் இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோயா என்று பார்க்கும் அந்தப் பரிசோதனை அங்கே இலவசம்.