உறையின் நிறம்

அன்புள்ள ஐயா,

மதுரைப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. சென்ற வாரம் அலுவலகத் தோழியின் திருமண விருந்துக்குப் போனேன். அவள் சீனப் பெண். மொய்க் கவர் கிடைக்காததால் நல்ல வெள்ளைக் கவர் ஒன்றில் நூற்றியொரு வெள்ளி வைத்துக் கொடுத்தேன். வரவேற்பு மேசையில் இருந்த அம்மா ஒரு நொடி தயங்கிவிட்டு, பணத்தைச் சிவப்பு உறை ஒன்றில் மாற்றி வைத்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. 'சீனர்களுக்கு வெள்ளை என்றால் மரணம்' என்று இணையத்தில் ஒரு பட்டியல் சொல்கிறது. ஆனால் மணப்பெண்ணே வெள்ளை கவுனில்தான் வந்தாள். எங்கே எந்த நிறம் ஆகும், எது ஆகாது என்று நம்பத்தக்க பட்டியல் ஏதாவது உண்டா?

மீனா, சிங்கப்பூர்

அன்புள்ள மீனா,

அந்த அம்மா உறையை மாற்றியதைக் கண்டனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் வீட்டு விசேஷத்தில் விவரம் தெரியாத ஒருவர் குத்துவிளக்கைத் தெற்கு முகமாக ஏற்றிவிட்டால், வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து பேசாமல் முகத்தைத் திருப்பிவிட்டுப் போவார் அல்லவா? அவர் செய்ததும் அதுதான். உங்கள் பணத்தை விலக்காமல், அதை வீட்டுக்குள் கொண்டுபோகத் தகுந்த உறையில் இட்டு ஏற்றுக்கொண்டார்.

சீனர் வழக்கில் பணம் வைத்துக் கொடுக்க இரண்டு உறைகள் உண்டு. மங்கல காரியத்துக்குச் சிவப்பு உறை. அங்பாவ் என்று சிங்கப்பூரில் எல்லா இனத்தாரும் அதைச் சொல்வார்கள். சாவு வீட்டுக்கு வெள்ளை உறை. அப்படிக் கொடுக்கும் பணத்தை ஹாக்கியன் பேசுபவர்கள் 'பெக் கிம்' என்பார்கள். இரண்டையும் வாங்கி வைப்பதற்கு மேசை போட்டு, கொடுத்தவர் பெயரையும் தொகையையும் நோட்டில் எழுதுவது நம் மொய் எழுதும் வழக்கத்தைப் போன்றதே. நீங்கள் கொடுத்த தொகையிலும் ஒரு சிறு இடறல் இருந்தது. கணக்கு முடிந்துவிடக் கூடாது, உறவு தொடர வேண்டும் என்று நாம் நூற்றுக்கு மேல் ஒன்று வைக்கிறோம். அவர்களோ நல்லது இரட்டையாக வர வேண்டும் என்று திருமணத்துக்கு இரட்டைப்படைத் தொகை வைப்பார்கள். துக்கம் இரட்டையாகிவிடக் கூடாது என்று சாவுக்கு ஒற்றைப்படையில் வைப்பார்கள். வெள்ளை உறையும் ஒற்றைப்படைத் தொகையும் சேர்ந்து வந்ததால்தான் அந்த ஒரு நொடித் தயக்கம். அடுத்த முறை சிவப்பு உறையில் இரட்டைப்படைத் தொகை வைத்து, பெயரைக் கறுப்பு மையில் எழுதி, இரண்டு கைகளாலும் கொடுங்கள். சிவப்பு மையில் எழுத வேண்டாம். உறை சிவப்பாக இருக்கலாம், உயிரோடு இருப்பவரின் பெயரைச் சிவப்பு மையில் தாளில் எழுதுவது ஆகாது என்று சீனரும் கொரியரும் கருதுகிறார்கள். நம் ஊரிலோ கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயரையே சிவப்பில் அச்சிடுகிறோம்.

இந்த இடத்தில்தான் அந்தப் பட்டியல்கள் நம்மைக் கைவிடுகின்றன. நாட்டுக்கு எதிரே நிறத்தையும், நிறத்துக்கு எதிரே ஒரு சொல்லையும் போட்டுவிட்டால் பயன்படும் என்று நினைத்து அவற்றைத் தயாரிக்கிறார்கள். நிறம் தனியாக எங்கும் பொருள் தருவதில்லை. அது ஏறியிருக்கும் பொருள், அந்தப் பொருள் கைமாறும் நாள் ஆகிய இரண்டோடும் சேர்ந்துதான் பொருள் தருகிறது. உங்கள் தோழியின் கவுனையும் உங்கள் கவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1840ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணி தம் திருமணத்துக்கு வெள்ளை உடை அணிந்த பிறகு ஐரோப்பாவில் பரவிய வழக்கம் அந்தக் கவுன். சீனக் குடும்பங்களுக்கு அது தன் பொருளையும் சேர்த்தே கொண்டுவந்த ஒரு முழு உடையாக வந்தது. யாரும் அதைத் துக்கத் துணியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. ஆனாலும், பெரியவர்களுக்குத் தேநீர் கொடுத்து வணங்கும் சடங்கில் அந்தப் பெண் பெரும்பாலும் சிவப்பு உடையில்தான் இருந்திருப்பாள். வெள்ளை உறை அப்படியல்ல. அது அவர்கள் வீட்டுக்குள்ளேயே சாவோடு சேர்ந்து புழங்கிய பொருள்.

வெள்ளை அங்கே துக்கத்தோடு சேர்ந்தது எப்படி என்று பார்த்தால் நிறமே முதல் காரணம் அல்ல என்பது தெரியும். பழைய சீன முறையில் துக்கம் காப்பவர்கள் சணல்நார்த் துணி உடுத்தினார்கள். இறந்தவரோடு உள்ள உறவின் நெருக்கத்தைப் பொறுத்து அந்த உடையில் ஐந்து படிகள் இருந்தன. நெருங்க நெருங்கத் துணி முரடாகும். தந்தைக்காக மகன் உடுத்தும் துணி எல்லாவற்றிலும் முரடு, அதன் ஓரம்கூட மடித்துத் தைக்கப்படாமல் பிசிறாகத் தொங்கும். வெளுக்காத, சாயம் ஏறாத, தையல் முடியாத துணி அது. அதாவது, உடையிலிருந்து ஒவ்வொரு அலங்காரமாக விலக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சும் வெளிறல்தான் அங்கே வெள்ளை எனப்பட்டது.

நமக்கு இது புரியாததல்ல. கணவனை இழந்த பெண்ணிடமிருந்து பூவையும் பொட்டையும் மஞ்சளையும் சேலையின் சாயத்தையும் பறித்துக்கொண்டு மிச்சத்தை அவள்மேல் போர்த்தினார்களே, அதுவும் விலக்கி விலக்கி வந்த வெள்ளைதான். அந்த வழக்கத்தின்மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை. அதே நாளில் அதே ஊரில் மாப்பிள்ளையும் வெள்ளைப் பட்டு வேட்டிதான் கட்டியிருந்தான், ஒருவரும் குழம்பவில்லை. அவன் வேட்டியில் சரிகைக் கரை ஓடியது. வெள்ளையை அமங்கலம் என்றும் மங்கலம் என்றும் பிரித்தது விரல் அகலமுள்ள அந்தக் கரை.

இதே சீனப் பண்பாட்டின் பக்கத்து வீடான கொரியாவுக்கு நீங்கள் வேலை மாறிப் போனால், சிங்கப்பூரில் கற்ற பாடம் அங்கே செல்லாது. கொரியாவில் திருமணத்துக்கும் சாவுக்கும் பணம் வெள்ளை உறையிலேயே போகும். உறையின் முகப்பில் எழுதும் சொற்கள்தான் வாழ்த்தா இரங்கலா என்று சொல்லும். ஜப்பானில் இரண்டு உறைகளுமே வெள்ளைத்தாள்தான். சுற்றிக் கட்டும் கயிறு திருமணத்துக்குச் சிவப்பும் வெள்ளையுமாகவோ பொன்னும் வெள்ளியுமாகவோ இருக்கும், சாவுக்குக் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். கொரிய நண்பருக்குச் சிவப்பு உறை கொடுத்தால் குற்றமாகாது, சீனப் பழக்கம் என்று நினைத்துக்கொள்வார். ஜப்பானியருக்குக் கயிறு மாறிய உறையைக் கொடுத்தால் உங்களுக்கு நேர்ந்த தயக்கம் அவர் முகத்திலும் வரும்.

மஞ்சளை நான் பட்டுத்தான் கற்றேன். பாரிஸில் குடியேறிய முதல் ஆண்டு, தீபாவளிக்கு முந்தைய வாரம், பூக்கடைகளின் வாசல் எல்லாம் மஞ்சள் செவ்வந்தித் தொட்டிகளால் நிறைந்திருந்தது. ஆயுத பூசையன்று எங்கள் வீட்டு நிலையில் தொங்கிய அதே பூ. கண்ணில் நீர் வந்துவிட்டது. இரண்டு தொட்டிகள் வாங்கினேன். ஒன்றைச் சாமி படத்தின் முன் வைத்தேன், மற்றொன்றைப் பலகாரத்தோடு எதிர்வீட்டுப் பிரெஞ்சுப் பாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பலகாரத்தை வாங்கிக்கொண்டார். தொட்டியைப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில், "நான் இன்னும் இருக்கிறேனே" என்றார். நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர்கள் தம் இறந்தவர்களின் கல்லறைகளில் செவ்வந்தி வைப்பார்கள் என்பதும், முதல் உலகப் போருக்குப் பிறகு போர்வீரர்களின் கல்லறைகளோடு அந்த வழக்கம் நாடு முழுவதும் வேரூன்றியது என்பதும், கடைகளில் அந்த வாரம் குவிந்தது அதற்காகத்தான் என்பதும் பிறகு தெரிந்தது. சீனாவிலும் கொரியாவிலும் இத்தாலியிலும்கூட அந்தப் பூ சாவோடு சேர்ந்ததே. மஞ்சள் அங்கே குற்றவாளி அல்ல. அதே கடையில் மஞ்சள் துலிப் வாங்கிக் கொடுத்திருந்தால் அந்தப் பாட்டி மகிழ்ந்திருப்பார். இன்றும் என் வீட்டுப் பூசைக்கு அந்த வாரம் செவ்வந்தி வாங்குகிறேன், வெளியே யாருக்கும் கொடுப்பதில்லை.

நம் மொழிக்குள்ளேயே இதற்குச் சான்று இருக்கிறது. மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகையை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துக் கல்யாணத்துக்கு அழைக்கிறோம். 'மஞ்சள் பத்திரிகை' என்று சொன்னாலோ முகம் சுளிக்கிறோம். இந்தச் சொல் 1890களில் நியூயார்க் நாளிதழ்களின் போட்டியில் பிறந்து நம்மிடம் வந்து சேர்ந்தது. கடனை அடைக்க முடியாமல் கைவிரித்தவனைப் பற்றி 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்' என்கிறோம். மூன்றும் ஒரே நிறம், மூன்றும் தாள்கள், ஒன்றோடொன்று இதுவரை முட்டிக்கொண்டதில்லை.

ஆகவே பட்டியலுக்குப் பதிலாக, உங்களுக்குச் சிங்கப்பூரில் அடுத்து நேரக்கூடிய ஒரு காரியத்தை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். சீனத் தோழி ஒருத்தி வீட்டில் சாவு நேர்ந்தால், பெரும்பாலும் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் கூடாரம் அமைத்து மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்படை நாட்கள் உடலை வைத்திருப்பார்கள். வெள்ளை, கறுப்பு, கருநீலம் ஆகியவற்றில் எளிய உடை போதும். சிவப்புக் கரைகூட வேண்டாம். என் மனைவி அங்கே போகும்போது குங்குமத்தைத் துடைத்துக்கொண்டதில்லை, சிறிய கறுப்புப் பொட்டு மட்டும் வைத்துக்கொண்டாள். யாரும் தவறாக நினைக்கவில்லை. வெள்ளை உறையில் ஒற்றைப்படைத் தொகை வையுங்கள், அங்கே உங்கள் நூற்றியொன்று சரியாகப் பொருந்தும். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சட்டைக் கையில் சிறு சதுரத் துணி குத்தியிருப்பார்கள். உறவு மாற மாற அதன் நிறமும் மாறும். இறந்தவர் எண்பதைத் தாண்டியவர் என்றால் துக்கத்தின் இறுக்கம் குறைந்திருக்கும், சில வீடுகளில் சிவப்பும் தலைகாட்டும். சீனத்தில் அதற்கு 'மகிழ்ச்சிச் சாவு' என்று பொருள்படும் பெயர் உண்டு. நம் ஊரில் பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடிக்க நடக்கும் கல்யாணச் சாவு தெரிந்தவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

விருந்தினர் மேசையில் வேர்க்கடலை, இனிப்பு மிட்டாய் ஆகியவற்றோடு சிறு துண்டுகளாக வெட்டிய சிவப்பு நூல் ஒரு தட்டில் இருக்கும். சிவப்பை விலக்கிய இடத்தில் இது மட்டும் ஏன் என்று தயங்க வேண்டாம். சாவின் நிழல் உங்களோடு வராமல் இருக்க அந்த வீட்டார் உங்களுக்குத் தரும் காப்பு அது. ஒரு துண்டை எடுத்து விரலில் சுற்றிக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் கொண்டுவராமல் வழியிலேயே போட்டுவிட்டு, வந்ததும் நம் வழக்கப்படி தலைக்குக் குளித்துவிடுங்கள்.

அன்புடன்.