பெரிய ஃபைலில் மாறியதை மட்டும் rsync அனுப்புவது எப்படி? கேள்வி பதில்

புது ஃபைல் ஒரு கணினியில், பழையது வேறொன்றில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எது மாறியது என்று எப்படித் தெரியும்?

rsync என்பது இரண்டு இடங்களில் உள்ள ஃபைல்களை ஒன்றுபோல ஆக்கும் கருவி. அதில் பழைய ஃபைல் வைத்திருக்கும் பக்கம்தான் முதலில் விவரம் கொடுக்கிறது. அது தன் ஃபைலைச் சம அளவு பிளாக்குகளாக வெட்டும். பிளாக்கின் அளவு சுமாராக ஃபைல் அளவின் வர்க்கமூலம். 4 ஜிபி ஃபைல் என்றால் 64 கேபி அளவில் 65,536 பிளாக்குகள் வரும். ஒவ்வொன்றுக்கும் செக்சம், அதாவது அதன் பைட்டுகளிலிருந்து கணக்கிடும் சிறு அடையாள எண், இரண்டு உண்டு: சுலபமாகக் கணக்கிடக்கூடிய 32 பிட் செக்சம் ஒன்று, தற்செயலாகப் பொருந்த வாய்ப்பு மிகக் குறைவான வலுவான செக்சம் ஒன்று. இந்தப் பட்டியல் மொத்தமும் ஒன்றிரண்டு எம்பியைத் தாண்டாது. புது ஃபைல் வைத்திருப்பவர் பட்டியலைப் பார்த்து, "இந்த இடத்தில் உன்னுடைய 812-ஆம் பிளாக்கைப் போடு, அடுத்து இந்த பைட்டுகளை எழுது" என்கிற மாதிரி பதில் அனுப்புவார். 1996-ல் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மக்கெராஸும் வெளியிட்ட முறை இது.

நடுவில் ஒரு பைட் சேர்த்தால் பின்னால் உள்ளதெல்லாம் நகர்ந்துவிடும். பிளாக் எல்லை எதுவும் பொருந்தாது. அப்போது மீதி ஃபைல் முழுக்கப் போகத்தானே வேண்டும்?

இரண்டு பக்கமும் வெட்டியிருந்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் புது ஃபைலை யாரும் வெட்டுவதில்லை. 64 கேபி அகலமுள்ள ஒரு ஜன்னலை அதன்மேல் வைத்து, ஒவ்வொரு நிலையிலும் செக்சம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் அந்த பிளாக்கைத் தாண்டிப் போகிறது. இல்லையென்றால் ஒரே ஒரு பைட் நகர்கிறது. ஒவ்வொரு பைட்டுக்கும் 64 கேபியை மறுபடி கூட்டினால் வேலை முடியவே முடியாது. அதற்குத்தான் ரோலிங் செக்சம்.

3, 1, 4, 1, 5 என்று ஐந்து பைட்டுகள், ஜன்னல் அகலம் நான்கு என்று வையுங்கள். முதல் நான்கின் கூட்டல் 9. முதல் பைட்டை 4 ஆலும் அடுத்ததை 3 ஆலும் என்று எடை கொடுத்துக் கூட்டினால் 12+3+8+1, அதாவது 24. இப்போது ஒரு பைட் நகர்த்துவோம்:

```
a = 9 - 3 + 5 = 11
b = 24 - 4*3 + 11 = 23
```

1, 4, 1, 5 என்று புதிதாகக் கணக்கிட்டாலும் 4+12+2+5, அதே 23 தான். ஜன்னல் எவ்வளவு அகலமானாலும் ஒரு நகர்வுக்கு இந்த இரண்டு வரி போதும். எனக்கு இந்த முறையில் மிகப் பிடித்த இடமே இதுதான். ஆகவே நடுவில் சேர்த்த ஒரு பைட்டுக்குப் போவது, அது விழுந்த அந்த ஒரு பிளாக் மட்டும். 32 பிட் செக்சம் தற்செயலாகப் பொருந்தினால் வலுவான செக்சம் பிடித்துவிடும். கடைசியில் முழு ஃபைலையும் ஒருமுறை சரிபார்க்கிறது.

நான் ஒரே கணினியில் உள் டிஸ்க்கிலிருந்து யூஎஸ்பி டிஸ்க்குக்கு எடுக்கிறேன். சின்ன மாற்றத்துக்கும் 40 ஜிபி முழுக்க எழுதுகிறதே?

இரண்டு பாதையும் உள்ளூர் என்றால் rsync தானாகவே முழு ஃபைல் முறைக்குப் போய்விடும். `--no-whole-file` கொடுத்து மாற்றலாம், ஆனால் பலன் இருக்காது. மாறியதைக் கண்டுபிடிக்கவே இரண்டு ஃபைலையும் முழுதாகப் படிக்க வேண்டும். அப்புறம் பழைய பிளாக்குகளையும் சேர்த்து ஒரு தற்காலிக ஃபைலை எழுதி, பெயரை மாற்றிவைக்கும். இந்த முறை மிச்சப்படுத்துவது நெட்வொர்க்கை, டிஸ்க்கை அல்ல. லைன் மெதுவாக இருக்கும்போதுதான் இதற்கு மதிப்பு. வேகமான லேனில் `-W` கொடுத்து முழுசாக அனுப்புவதே சில சமயம் சீக்கிரம் முடியும்.

தினமும் டேட்டாபேஸ் டம்ப்பை gzip செய்து அனுப்புகிறேன். rsync ஒன்றும் மிச்சப்படுத்துவதில்லை.

`--stats` போட்டுப் பாருங்கள். `Matched data` பூஜ்யத்துக்கு அருகிலும், `Literal data` கிட்டத்தட்ட ஃபைல் அளவுக்கும் இருக்கும். gzip-ல் ஒரு வரி மாறினாலும் அதற்குப் பின்னால் வரும் பைட்டுகள் பெரும்பாலும் வேறாகிவிடும். பொருத்திப் பார்க்க பழையது எதுவும் மிஞ்சாது. டம்ப்பை அப்படியே வைத்து, அனுப்பும்போது மட்டும் சுருக்கும் `rsync -z` கொடுங்கள், இல்லையென்றால் `gzip --rsyncable`. ஃபைல் கொஞ்சம் பெரிதாகும், ஆனால் மாற்றம் நடந்த இடத்தோடு நின்றுவிடும். என்க்ரிப்ட் செய்த ஃபைலுக்குப் பொதுவாக இந்த வழியும் கிடையாது.

4 ஜிபி டிஸ்க் இமேஜில் 20,000 இடங்களில் சின்னச் சின்ன மாற்றம். பிளாக் அளவைக் குறைக்கலாமா?

ஒவ்வொரு மாற்றமும் தனித்தனி பிளாக்கில் விழுந்தால் 64 கேபி வீதம் 1.3 ஜிபி போகும். `-B 8192` கொடுத்தால் அது சுமார் 160 எம்பியாகக் குறையும். பதிலுக்கு செக்சம் பட்டியல் எட்டு மடங்காகும், தேடும் வேலையும் கூடும். இங்கே லாபம் தெளிவு. மாற்றங்கள் ஓரிரு இடத்தில் குவிந்திருந்தால் அப்படியல்ல. உங்கள் இமேஜில் எப்படிச் சிதறியிருக்கிறது என்று தெரியாமல் நான் எண் சொல்ல மாட்டேன். இரண்டு அளவிலும் ஓட்டி, `--stats` காட்டும் `Total bytes sent`, `Total bytes received` இரண்டையும் கூட்டி ஒப்பிடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே பழைய இமேஜின் நகலிலிருந்தே தொடங்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது ஓட்டத்தில் அனுப்புவதற்கு ஒன்றும் இருக்காது.