புது ஃபீச்சருக்கு Pair Testing: ஒரு அமர்வு எப்படிப் போகும்?

கேள்வி: எங்கள் டீமில் டெவலப்பரும் டெஸ்டரும் சேர்ந்து உட்கார்ந்து டெஸ்ட் பண்ணச் சொல்கிறார்கள். ஒரே ஸ்கிரீனை இரண்டு பேர் பார்த்து என்ன ஆகப்போகிறது? உண்மையில் எப்படி நடத்த வேண்டும்?

டெஸ்டர் தனியாக உட்கார்ந்தால் வெளியிலிருந்துதான் தட்டிப் பார்க்க முடியும். டெவலப்பரால் உள்ளே எதையும் நிறுத்தலாம், மாற்றலாம். ஆனால் தான் எழுதிய வழியிலேயேதான் அவர் நடந்து பார்ப்பார். சந்தேகப்படுகிறவரும் உள்ளே கைவைக்க முடிந்தவரும் ஒரே நேரத்தில் அங்கே இருந்தால், தனித்தனியாகச் செய்யவே முடியாத சில சோதனைகள் சாத்தியமாகின்றன. அந்தச் சோதனைகளுக்காகத்தான் இந்த நேரத்தைச் செலவிடுகிறோம்.

ஒரு துணிக்கடை இணையதளத்தில் புதிதாக வரும் கூப்பனை எடுத்துக்கொள்வோம். `PUDHU100` என்று போட்டால் 100 ரூபாய் தள்ளுபடி. ஆர்டர் குறைந்தது 500 ரூபாய் இருக்க வேண்டும், ஒருவருக்கு ஒரு முறைதான், மார்ச் 31 வரை செல்லும்.

அமர்வை வைக்க வேண்டியது கோடு மெர்ஜ் ஆவதற்கு முன்னால், டெவலப்பரின் பிராஞ்ச்சில், அவர் மெஷினிலேயே. மெர்ஜ் ஆகி ஸ்டேஜிங்குக்குப் போன பிறகு என்றால் உள்ளே கைவைப்பது கடினம். பாதி லாபம் போய்விடும். 60 முதல் 90 நிமிடம் போதும், அதற்கு மேல் கவனம் நிற்காது. உட்காரும் முன் நோக்கத்தை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள்: "தகுதியில்லாத ஒருவர் இந்தக் கூப்பனால் பணம் குறைக்க வழி இருக்கிறதா?" "கூப்பனை டெஸ்ட் செய்வது" என்று எழுதினால் பட்டன் நிறத்தைப் பற்றிப் பேசியே அரை மணி நேரம் போய்விடும்.

முதல் பத்து நிமிடம் டெவலப்பர் பேசட்டும். டெமோ காட்ட வேண்டாம். எந்த டேபிளில் எழுதுகிறது, எந்த இடத்தில் சரிபார்க்கிறது, எந்தப் பகுதியில் அவருக்கே முழு நம்பிக்கை இல்லை என்று சொன்னால் போதும். அதன் பிறகு கீபோர்டு டெஸ்டர் கைக்குப் போக வேண்டும். இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். கீபோர்டு டெவலப்பரிடம் இருந்தால், தன்னை அறியாமலே சரியான மதிப்பை, சரியான வரிசையில், போதிய இடைவெளி விட்டுத்தான் கொடுப்பார். டெஸ்டர் தட்டட்டும், டெவலப்பர் பக்கத்தில் லாகைப் பார்த்துக்கொண்டு குறிப்பு எடுக்கட்டும். உள்ளே ஏதாவது மாற்ற வேண்டும் என்றால் மட்டும் கீபோர்டு கை மாறும்.

எளிமையானவை சீக்கிரம் முடிந்துவிடும். 499 ரூபாய், 500 ரூபாய் இரண்டும் பார்த்தாயிற்று. 600 ரூபாய்க்குக் கூப்பனைப் போட்டுவிட்டு ஒரு சட்டையை நீக்கி 350 ஆக்கினால் தள்ளுபடி அப்படியே நிற்கிறதா? கூப்பன் போடும்போது மட்டும் சரிபார்த்துவிட்டு, கார்ட் மாறும்போது மறந்துவிடுவது அடிக்கடி நடப்பதுதான்.

அடுத்து டெஸ்டர் கேட்கிறார்: "ஒரே அக்கவுண்டை ரெண்டு பிரவுசர்ல திறந்து ஒரே நேரத்துல ஆர்டர் போட்டா?" தனியாக இருந்தால் இரண்டு ஜன்னல்களில் வேகமாக மாறி மாறிக் கிளிக் செய்து பார்ப்பார். இடைவெளி சில மில்லி விநாடிகள்தான் என்பதால் ஒன்றும் நடக்காது, "பாஸ்" என்று குறித்துவிடுவார். டெவலப்பர் பக்கத்தில் இருப்பதால் அந்த இடைவெளியையே அகலமாக்கலாம்:

```python
if not coupon_used(user, coupon):
    time.sleep(5)
    save_usage(user, coupon)
```

இப்போது முதல் ஜன்னலில் ஆர்டர் பட்டனை அழுத்திவிட்டு, சாவகாசமாக இரண்டாவதற்கு வரலாம். இரண்டிலும் 100 ரூபாய் குறைந்தால் பிழை கண்ணெதிரே நிற்கிறது. "எல்லாம் டிரான்ஸாக்‌ஷனுக்குள்ளதானே இருக்கு" என்பது டெவலப்பர்களின் வழக்கமான பதில். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் இயல்பான நிலையான `READ COMMITTED` இதைத் தடுக்காது. முதல் கோரிக்கை இன்னும் கமிட் ஆகாததால், இரண்டாவது பார்க்கும்போது பதிவு எதுவும் தெரியாது. இரண்டும் உள்ளே வந்துவிடும்.

இங்கே ஏமாறவும் வாய்ப்பு உண்டு. லோக்கல் சர்வர் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையை மட்டும் கவனித்தால், இரண்டாவது வரிசையில் காத்திருந்து வரும். பிழை இல்லாதது போலத் தோன்றும். பைதான் சர்வரான `gunicorn`, நாம் எண்ணிக்கை சொல்லாவிட்டால் ஒரே ஒரு `worker`-உடன்தான் கிளம்பும். `--workers 2` கொடுத்து ஓட்டுங்கள். இரண்டு கோரிக்கைகளும் ஐந்து விநாடிக்குள் தொடங்கியதா என்று லாகில் பார்த்த பிறகே முடிவைச் சொல்லுங்கள்.

திருத்தம் சின்னதுதான்:

```sql
ALTER TABLE coupon_usage
  ADD CONSTRAINT uq_coupon_user UNIQUE (coupon_id, user_id);
```

ஆனால் அதை அமர்வுக்குள் செய்ய விடாதீர்கள். டெவலப்பர் கோடுக்குள் இறங்கினால் டெஸ்டர் போனை எடுத்துவிடுவார், அமர்வு அங்கேயே முடிந்துவிடும். அடுத்து எதையுமே பார்க்க முடியாத அளவுக்குத் தடுக்கும் பிழையை மட்டும் உடனே சரிசெய்யலாம். மற்றதெல்லாம் குறிப்பில் போகட்டும். இந்தத் திருத்தத்தோடு இரண்டு கேள்விகளும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. இரண்டாவது ஜன்னலில் வாடிக்கையாளருக்குப் புரியும் செய்தி வருமா, அல்லது வெறும் 500 பிழைப் பக்கமா? ஆர்டரை ரத்து செய்தவருக்குக் கூப்பன் திரும்பக் கிடைக்க வேண்டுமா? இரண்டாவதை அந்த இருவரும் முடிவு செய்யக் கூடாது. ப்ராடக்ட் ஓனரிடம் போக வேண்டிய கேள்வி அது.

அடுத்தது காலாவதி. டேபிளைத் திறந்தால் `2026-03-31T00:00:00Z` என்று இருக்கிறது. `Z` என்றால் யுடிசி. இந்திய நேரப்படி இந்தக் கூப்பன் 31-ஆம் தேதி காலை 5:30-க்கே செத்துவிடும். "மார்ச் 31 வரை" என்று நம்பி அன்று பகலில் வருகிறவருக்குக் கிடைக்காது. திரையை மட்டும் பார்க்கிற டெஸ்டருக்கு "31-03-2026" என்றுதான் தெரியும். டேபிளைத் திறந்து காட்ட ஆள் இருந்ததால் ஒரு நிமிடத்தில் பிடிபட்டது. அதே கையோடு காலாவதியை இரண்டு நிமிடத்துக்கு நகர்த்தி, கூப்பனைப் போட்டுவிட்டு, பணம் கட்டும் பக்கத்தில் காத்திருந்தும் பாருங்கள்:

```sql
UPDATE coupons SET expires_at = now() + interval '2 minutes'
WHERE code = 'PUDHU100';
```

கடைசிப் பதினைந்து நிமிடத்தில் தட்டுவதை நிறுத்திவிட்டுக் குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, மெர்ஜுக்கு முன் திருத்த வேண்டியதா, டிக்கெட் போட வேண்டியதா, யாரிடமாவது கேட்க வேண்டியதா என்று ஆள் பெயரோடு முடிவு செய்யுங்கள். எதை ஆட்டோமேட் செய்வது என்பதையும் அப்போதே பேசிவிடலாம். கார்ட் குறைந்தால் கூப்பன் போவதும், காலாவதி நேரமும் யூனிட் டெஸ்டிலேயே அடங்கும். அதற்காகப் பிரவுசர் டெஸ்ட் எழுத வேண்டாம். கமிட் செய்யும் முன் `git diff` பார்த்து அந்த `sleep` வரி போய்விட்டதா என்று இருவரும் உறுதி செய்யுங்கள்.

அமர்வு சரியாகப் போகிறதா என்று பேச்சைக் கேட்டாலே தெரியும். "யூசர் யாரும் இப்படிப் பண்ணமாட்டாங்க" என்று டெவலப்பர் மூன்றாவது முறை சொன்னால், அவர் தன் கோடுக்குக் காவல் நிற்க ஆரம்பித்துவிட்டார். டெஸ்டர் பத்து நிமிடம் கேள்வியே கேட்கவில்லை என்றால் அது டெமோவாக மாறிவிட்டது. இரண்டுக்கும் கீபோர்டைக் கை மாற்றுவதே பெரும்பாலும் போதும். ஆன்லைனில் செய்தாலும் ஸ்கிரீன் ஷேர் மட்டும் போதாது. டெஸ்டரிடம் ரிமோட் கண்ட்ரோல் இருக்க வேண்டும்.

ஒரு எல்லையும் இருக்கிறது. உள்ளே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்ட டெஸ்டர், அதன் பிறகு முதல்முறை வரும் வாடிக்கையாளரின் கண்ணோடு அதைப் பார்க்க முடியாது. அதனால் ஸ்டேஜிங்கில் இந்தக் கூப்பனை ஒருமுறை ஓட்டிப் பார்க்க, அமர்வில் இல்லாத இன்னொரு டெஸ்டரிடம் கொடுங்கள். டெவலப்பரின் மெஷினில் பத்து ஆர்டர்கள்தான் இருந்திருக்கும், நிஜமான பேமென்ட் கேட்வேயும் இருந்திருக்காது. வேகம், பணம் திரும்பி வருவது போன்றவற்றை ஸ்டேஜிங்கில்தான் பார்க்க முடியும்.